இன்பெயின்டிங்கில் ஒட்டு தெரியாமல் இருப்பது எப்படி?

பழைய சுவர் ஒன்றின் நிழற்படத்திலிருந்து கறுப்பு மின்பெட்டி ஒன்றை நீக்குவதாகக் கொள்வோம். நீக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் மாஸ்க்கை பெட்டியின் மேல் வரைந்து கொடுத்தால், இன்பெயின்டிங் செய்யும் AI மாதிரி அந்த இடத்தைச் சுவராக நிரப்பித் தந்துவிடும். அந்தச் சுவர் நம்பும்படியாகவே இருக்கும். ஆனால் அதன் வெளிச்ச அளவு அசலோடு முழுமையாக ஒத்துப்போவது அரிது. 0 முதல் 255 வரையிலான அளவில் அசல் சுவர் 182 என்றும் புதிய பகுதி 188 என்றும் வைத்துக்கொள்ளலாம். இந்த ஆறு படி வேறுபாடு இரண்டு தனிப் படங்களில் இருந்தால் எவரும் கவனிக்கமாட்டார்கள். அடுத்தடுத்த இரு பிக்சல்களுக்கிடையே, ஒரு கோடு நெடுகிலும் அது நிகழும்போது கண் உடனே பிடித்துவிடுகிறது. மெதுவான மாற்றத்தை விட்டுவிட்டுத் திடீர் மாற்றத்தை உணர்வதே பார்வையின் இயல்பு.

ஆகவே மாஸ்க்கின் ஓரத்தை மழுக்குகிறோம். இதற்கு ஃபெதரிங் என்று பெயர். 0 அல்லது 1 என்று மட்டும் இருந்த மாஸ்க்கை காஸியன் முறையில் மங்கலாக்கினால், ஓரத்தில் இடைப்பட்ட மதிப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலிலும் அந்த மதிப்பின் விகிதத்தில் புதியதும் பழையதும் கலக்கும். மங்கலின் அளவான சிக்மா 8 பிக்சல் என்றால், மாற்றம் மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்திலும் வெளிச்சம் பிக்சலுக்கு 0.3 படிதான் நகரும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காஸியன் மங்கல் இரு பக்கமும் சமமாகப் பரவுவதால், மாஸ்க்கின் பழைய எல்லையில் மதிப்பு சரியாகப் பாதியாகிறது. பெட்டியின் விளிம்பையொட்டி மாஸ்க் வரைந்திருந்தால், அங்கே பாதிப் பெட்டி கலக்கும். பெட்டியின் அளவு 30 என்றால், 188 இருக்க வேண்டிய இடத்தில் 109 வரும். நீக்கிய பொருளின் சாயல் சுவரில் கறையாக நிற்கும். எனவே மங்கலாக்கும் முன் மாஸ்க்கை விரிக்க வேண்டும். சிக்மாவைப் போல் இரு மடங்கு விரித்தால் விளிம்பில் பழைய படம் 2.3 விழுக்காடு மிஞ்சும். கறுப்புப் பெட்டிக்கு அதுவே மூன்றரைப் படி நிழலைத் தரும் என்பதால், மும்மடங்கு, அதாவது 24 பிக்சல் விரிப்பதே பாதுகாப்பு.

இன்னொரு நுட்பமும் உண்டு. மாதிரிக்குக் கொடுத்த மாஸ்க்குக்கு வெளியே அது அசலையே ஏறக்குறைய அப்படியே திருப்பித் தருகிறது. கலப்பதற்கும் அதே மாஸ்க்கை மங்கலாக்கிப் பயன்படுத்தினால், எல்லைக்கு உள்ளே 182-உம் 188-உம் பாதிப் பாதி கலந்து 185 வரும். எல்லையைத் தாண்டியதும் இரண்டுமே 182. மழுக்கிய பிறகும் மூன்று படி தாவல் மிஞ்சுகிறது. இதைத் தவிர்க்க இரண்டு மாஸ்க் வேண்டும்: உருவாக்குவதற்கு 48 பிக்சல் விரித்தது ஒன்று, கலப்பதற்கு 24 பிக்சல் விரித்து மழுக்கியது மற்றொன்று. அப்போதுதான் சரிவு முழுவதும் புதிதாக உருவான பரப்புக்குள் அடங்கும். பைதானில், OpenCV நூலகத்தைக் கொண்டு இதை இப்படி எழுதலாம்:

```
E = cv2.MORPH_ELLIPSE
gen = cv2.dilate(mask, cv2.getStructuringElement(E, (97, 97)))
mix = cv2.dilate(mask, cv2.getStructuringElement(E, (49, 49)))
a = cv2.GaussianBlur(mix, (0, 0), 8)[..., None] / 255.0
out = a * patch + (1 - a) * orig
```

இதில் `mask` என்பது 0-க்கும் 1-க்கும் பதிலாக 0, 255 என்ற மதிப்புகளைக் கொண்ட 8-பிட் மாஸ்க்; `orig` அசல் படம்; `patch` என்பது `gen` மாஸ்க்கைக் கொண்டு உருவாக்கிய படம்.

நிறம் இப்படிச் சரியாகிவிடும்; பரப்பின் சொரசொரப்புக்கு இது போதாது. சுவரின் மணல் பொரியும் கேமராவின் இரைச்சலும் இரு படங்களிலும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. தொடர்பற்ற இரண்டைப் பாதிப் பாதி கலந்தால் அவை ஒன்றையொன்று ஓரளவு அழித்து, ஏற்ற இறக்கம் சுமார் 71 விழுக்காடாகக் குறையும். அதனால் ஒட்டைச் சுற்றி வழவழப்பான வளையம் தோன்றும். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் நிறப் பிழை தெரியும்; இந்த வளையமோ முழு அளவில், மாறுபாட்டைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். சிக்மாவைப் பெரிதாக்கினால் வளையமும் அகலமாகும். நிறத்துக்கு அகலமான சரிவும் சொரசொரப்புக்குக் குறுகிய சரிவும் தேவை. ஒரே மங்கலால் இரண்டையும் தர முடியாது.

இதற்கான விடையை பர்ட், அடெல்சன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1983-இலேயே தந்துவிட்டார்கள். படத்தைப் பெருமாற்றம் முதல் நுண்மாற்றம் வரை பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் அதன் நுணுக்கத்துக்கேற்ற அகலத்தில் கலந்து, பின் ஒன்று சேர்ப்பது அவர்கள் முறை. அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள், கலந்து முடித்தபின் அந்த வளையத்தில் மட்டும் சற்று இரைச்சலைத் தூவலாம். சாதாரணச் சுவருக்கு அதுவே பெரும்பாலும் போதுமானது.

செங்கல் சுவரில் இவை எதுவும் உதவாது. புதிய பூச்சுக்கோடு பழையதைவிட மூன்று பிக்சல் தள்ளி அமைந்தால், மழுக்கிய பகுதியில் இரண்டு கோடுகளும் அரைகுறையாகத் தெரியும். அங்கே மாஸ்க்கின் ஓரத்தைப் பூச்சுக்கோட்டின் மேலேயே செலுத்தி, சிக்மாவை ஒன்றிரண்டு பிக்சலாகக் குறைத்து, விரிப்பையும் அதே விகிதத்தில் சுருக்குவது நல்லது. மிஞ்சும் நிற வேறுபாட்டைக் கலப்பதற்கு முன்பே, புதிய பகுதியின் சராசரி வெளிச்சத்தை அருகிலுள்ள செங்கற்களின் அளவுக்குக் கொண்டுவந்து தீர்த்துக்கொள்ளலாம்.