பாதி நேரத்தில் திரும்பியும் ஏன் தாமதமாகிறது?

ஓட்டப் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "கரெக்டா பாதி நேரத்துல திரும்பிட்டேன் சார், ஆனாலும் வீட்டுக்கு லேட்." போகும்போதும் வரும்போதும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் பாதி நேரக் கணக்கு சரிவரும். ஒரே சாலையில் போய்த் திரும்பும் ஓட்டத்தில் அப்படி அமைவது அபூர்வம். போகும்போது இறக்கமாக இருந்தால் வரும்போது அது ஏற்றம். போகும்போது முதுகில் தள்ளிய காற்று, வரும்போது முகத்தில் அடிக்கும். போதாததற்கு, திரும்பும்போது வெயிலும் ஏறியிருக்கும், காலும் களைத்திருக்கும்.

ஒருவர் காலை 5:40க்கு வீட்டை விட்டுக் கிளம்பி 6:45க்குள் திரும்பியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 65 நிமிடம், ஆனால் அத்தனையும் ஓட்டத்துக்கு இல்லை. தொடக்கத்தில் 5 நிமிட நடை, முடிவில் 5 நிமிட நடை, சாலையைக் கடக்கவும் ஷூ கயிறு கட்டவும் 3 நிமிடம். மிச்சம் 52 நிமிடம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 வினாடி, அதாவது 6:30 என்ற பேஸில் ஓட நினைக்கிறார். அப்படியென்றால் 8 கிலோமீட்டர், நான்காவது கிலோமீட்டரில் திரும்ப வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகவே போடுகிறார்கள்.

அவருடைய பாதை போகும்போது லேசான இறக்கம். உடல் ஒரே அளவு உழைத்தாலும் போகும் பேஸ் 6:10, வரும் பேஸ் 6:50 ஆகிவிடும். சராசரி அதே 6:30தான். ஆனால் 26ஆவது நிமிடத்தில் திரும்பினால் அதற்குள் 4.2 கிலோமீட்டர் போயிருப்பார். அந்தத் தூரத்தை 6:50 பேஸில் திரும்பி ஓட ஏறக்குறைய 29 நிமிடம் வேண்டும். கிட்டத்தட்ட 3 நிமிடம் தாமதம். அதைச் சரிக்கட்ட ஏற்றத்தில் முடுக்குவார், மூச்சு வாங்கும், இலேசாக ஓட வேண்டிய நாள் போட்டி நாளாக மாறிவிடும்.

இதற்கு நான் சொல்லித்தரும் வழி எளிது. போகும் பேஸையும் வரும் பேஸையும் கூட்டிக்கொள்ளுங்கள். 6:10, 6:50 சேர்ந்தால் 13 நிமிடம். வீட்டிலிருந்து தள்ளிப்போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் மொத்தச் செலவு இதுதான். 52ஐ 13ஆல் வகுத்தால் 4 கிலோமீட்டர். அதை 6:10 பேஸில் கடக்க 24 நிமிடம் 40 வினாடி. ஆக, திரும்ப வேண்டியது 26இல் அல்ல, 24:40இல். வரும் பேஸ் எவ்வளவு என்று ஊகிக்கத் தேவையில்லை. அதே பாதையில் முன்பு ஓடிய நாளின் ஒவ்வொரு கிலோமீட்டர் நேரமும் வாட்ச்சில் இருக்கும், அதைப் பார்த்தாலே போதும்.

நேரம், தூரம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே திரும்பிவிட வேண்டும். 24:40 ஆகியும் 3.7 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தால், நாலைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். போகும்போதே மெதுவாகிவிட்டவர் வரும்போது இன்னும் மெதுவாகத்தான் வருவார். அதேபோல 23 நிமிடத்திலேயே நாலு கிலோமீட்டரை எட்டிவிட்டால், மிச்ச நேரம் இருக்கிறதே என்று மேலே போகக் கூடாது. நினைத்ததைவிட வேகமாக ஓடிவிட்டதற்கான அடையாளம் அது. திரும்பும்போது கால் அதற்கு வட்டி கேட்கும்.

வாட்ச்சில் ஆட்டோ பாஸ் போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். சிக்னலில் நீங்கள் நின்றால் வாட்ச்சின் ஓட்ட நேரமும் நிற்கும், கடிகாரம் நிற்காது. அதனால் திரும்ப வேண்டிய நேரத்தைக் கடிகார மணியாக மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 5:45க்கு ஓடத் தொடங்கி, 24:40உடன் நிற்பதற்கான 3 நிமிடத்தில் பாதியையும் சேர்த்தால் 6:11. வாட்ச் என்ன காட்டினாலும் 6:11க்குத் திரும்பிவிட வேண்டும்.

கிளம்பவே 6 நிமிடம் தாமதம் என்றால்? பேஸைத் தொடாதீர்கள், தூரத்தைக் குறையுங்கள். 46ஐ 13ஆல் வகுத்தால் மூன்றரை கிலோமீட்டர், அங்கேயே திரும்பலாம். அதை விட்டு 8 கிலோமீட்டரையும் ஓடியே தீருவேன் என்றால் பேஸ் 5:45 ஆக வேண்டும். கிலோமீட்டருக்கு 45 வினாடி கூடுதல் வேகம் என்பது முற்றிலும் வேறு பயிற்சி.

காற்று வீசும் நாளில் திசையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், எதிர்க்காற்றில் தொடங்குவதே என் சிபாரிசு. எதிர்க்காற்றில் இழக்கும் நேரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது, அதனால் மொத்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். ஆனால் சிரமமான பாதி முதலில் முடிந்துவிடும், திரும்பும் நேரத்தை நம்பலாம். புதிய பாதை, ஏற்ற இறக்கம் தெரியாது என்றால் கணக்கில் வந்ததைவிட அரை கிலோமீட்டர் முன்பே திரும்பிவிடுங்கள். நேரம் மிஞ்சினால் வீட்டருகே ஒரு சுற்று ஓடிக்கொள்ளலாம்.