ஓரடுக்குப் படம்: ‘ஃபிளாட்டன்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

மூன்று பேர் நடத்தும் சிறிய பதிப்பகம் எங்களுடையது. சென்ற மாதம் எங்கள் எழுத்தாளர் ஒருவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, ஒரே ஒரு சொல்லுக்காக அரை நாள் நின்றுவிட்டேன். அவருடைய சிறுகதைத் தொகுப்புக்கு ‘உப்பளத்து வெயில்’ என்று பெயர் வைத்து, அட்டையும் முடித்து, அச்சுக்கு அனுப்பும் நேரம். பெயரை ‘உப்பளத்து நிழல்’ என்று மாற்ற வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். “ஒரு சொல்தானே, அட்டையில் அதை மட்டும் மாற்றிவிடலாம் அல்லவா?” என்றும் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். உள்பக்கங்களில் அரை நிமிட வேலை அது. ஆனால் அட்டையைச் செய்த வடிவமைப்பாளரின் கணினியில் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, மூலக்கோப்பு போய்விட்டது. எங்களிடம் மிஞ்சியது மின்னஞ்சலில் வந்த JPG படம் ஒன்றுதான். அச்சகத்தில் கேட்டால் ஒரே வரியில் பதில் வந்துவிடும்: “இது ஃபிளாட் பண்ணின ஃபைல் சார், ஓப்பன் ஃபைல் இருந்தா கொடுங்க.” அந்த வரியை அப்படியே எழுபது வயதுத் தமிழாசிரியருக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் இப்படித் தொடங்கினேன்:

“அன்புள்ள ஐயா அவர்களுக்கு, வணக்கம். நீங்கள் வகுப்பில் நடத்திய இலக்கணத்திலிருந்தே இதைச் சொல்கிறேன். ‘பாம்பு பாம்பு’ என்பது அடுக்குத்தொடர். ஒரு பாம்பை எடுத்துவிட்டாலும் மற்றது பொருளோடு நிற்கும். ‘சலசல’ என்பது இரட்டைக்கிளவி. பாதியை எடுத்தால் மீதி பொருள் தராது. வடிவமைப்பாளரின் கணினியில் இருந்தவரை நம் அட்டை அடுக்குத்தொடராக இருந்தது. நம் கையில் இப்போது இருப்பது இரட்டைக்கிளவி.”

‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்து இசையா’ என்பது தொல்காப்பியம். ‘ஃபிளாட்டன்’ என்ற சொல்லின் உட்பொருளை இதைவிடச் சுருக்கமாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

அந்த அட்டை எப்படி உருவானது என்று பார்த்தால் இது விளங்கும். வடிவமைப்பாளர் முதலில் உப்பளத்தின் புகைப்படத்தை விரித்தார். அதன்மேல் வானத்தைச் சற்று இருட்டாக்கும் நிறத்தை ஓர் அடுக்காக வைத்தார். அதற்கும் மேலே தலைப்பின் நிழலும், கையால் எழுதி ஸ்கேன் செய்த தலைப்பும், ஆசிரியர் பெயரும் தனித்தனி அடுக்குகளாக வந்தன. கண்ணுக்கு ஒரே படமாகத் தெரிந்தாலும் உள்ளே ஐந்து தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தலைப்புத் தாளை நகர்த்தினால் அடியில் உப்புக்குவியல் முழுசாக இருக்கும்.

போட்டோஷாப்பில் இந்த அடுக்குகள் 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அறிமுகமாயின. 1990இல் வந்த முதல் பதிப்பில் எழுத்தைப் படத்தின்மேல் பதித்துவிட்டால் அது படத்தோடு போய்விடும். எல்லாப் படமும் அப்படியே இருந்த காலத்தில் அதைத் தனியாகச் சுட்ட ஒரு சொல் தேவைப்படவில்லை. அடுக்குகள் வந்த பிறகு, வேலை முடிந்ததும் அவற்றை ஒன்றாக்கிக் கோப்பின் எடையைக் குறைக்க ஒரு கட்டளை வேண்டியிருந்தது. `Flatten Image` என்பது அதுதான்.

ஆங்கிலத்தின் ‘ஃபிளாட்’ பழைய நார்ஸ் மொழியின் ‘ஃபிளாட்ர்’ என்பதிலிருந்து வந்த சொல். சமதளமான, மேடுபள்ளமற்ற என்று பொருள். அச்சுத் தொழிலில் அதற்கு இன்னொரு பழைய பயன்பாடும் உண்டு. ஆஃப்செட் அச்சில் பிலிம் துண்டுகளை ஒரு பெரிய தாளில் இடம் பார்த்து ஒட்டி, பிளேட் எடுக்கத் தயாராக்கி வைப்பார்கள். அந்தத் தாளின் பெயரும் ‘ஃபிளாட்’தான். ஆனால் அதில் ஒரு தலைப்பு தவறென்றால் பிளேடால் கீறி அந்தத் துண்டை உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டலாம். கணினியின் ‘ஃபிளாட்’டில் உரிப்பதற்கு எதுவும் இல்லை. பழைய அச்சகங்களோடு பழகியவர்கள் “எடுத்துவிட்டு ஒட்டுங்கள்” என்று எளிதாகச் சொல்வதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கடிதத்தின் அடுத்த பகுதி இப்படிப் போனது:

“முன்னட்டைப் படம் 1650 புள்ளி அகலம், 2550 புள்ளி உயரம். ஏறத்தாழ 42 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. ‘வெயில்’ என்ற சொல் இருக்கும் இடத்துப் புள்ளிகளுக்குத் தங்கள் நிறம் வெள்ளை என்பது தெரியும். அந்த வெள்ளை எழுத்தா உப்பா என்பது தெரியாது. எழுத்தின் அடியில் முன்பு என்ன இருந்தது என்பது கோப்பில் எங்குமே இல்லை. ஆகவே எழுத்தை எடுத்தால் அங்கே படம் தெரியாது. புதிதாக ஒரு படத்தை வரைந்துதான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.”

பெயரின் மேல்வரியான ‘உப்பளத்து’ வானத்தின்மேல் இருந்தது. அங்கே நிரப்புவது சுலபம். பக்கத்து வானத்தை நகலெடுத்துப் பூசினால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் போதாத காலம், மாற வேண்டிய ‘வெயில்’ கீழ்வரியில், உப்புக்குவியலின்மேல் கிடந்தது. உப்புக் கற்களின் வெளிச்சமும் நிழலும் இடத்துக்கு இடம் மாறும். பக்கத்திலிருந்து எடுத்துப் பூசினால் ஒரே கல் மூன்று இடத்தில் தலைகாட்டும். அச்சில் அது சட்டென்று கண்ணில் படும்.

அந்த எழுத்துக்கு ஒரு மெல்லிய நிழலும் கொடுத்திருந்தார்கள். பாதி ஒளி ஊடுருவும் அந்த நிழல் எழுத்தின் விளிம்பைத் தாண்டிப் பரவி, உப்பின் நிறத்தோடு கலந்துவிட்டது. போதாததற்கு JPG படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்கும். கூர்மையான எழுத்து இருக்கும் கட்டம் முழுவதிலும் பொடிப்பொடியாக ஓர் அழுக்குப் படியும். திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கினால் எழுத்தைச் சுற்றி அது ஒளிவட்டம்போலத் தெரியும். எனவே அழிக்க வேண்டிய பரப்பு எழுத்தைவிட எப்போதும் பெரியது.

அழித்தே விட்டாலும் புதிய சொல்லை எழுத எழுத்து வேண்டும். ‘வெயில்’, ‘நிழல்’ இரண்டிலும் மூன்றெழுத்து. ஆனால் பழைய சொல்லிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது ‘ல்’ மட்டும்தான். தலைப்பு கையெழுத்து என்பதால் அந்த ‘நி’யும் ‘ழ’வும் எந்த எழுத்துருவிலும் கிடைக்காது. மேல்வரியிலும் அவை இல்லை. ‘வெ’ எடுத்துக்கொண்ட அகலத்தை ‘நி’ எடுக்காது. அதனால் பழைய சொல்லை அழித்த இடத்தின் இடது ஓரம் புதிய சொல்லுக்கு வெளியே நீண்டு நிற்கும். எழுத்தாளர் ‘ஒரு சொல்தானே’ என்று நினைத்த இடத்தில் இவ்வளவும் இருக்கிறது.

ஃபிளாட்டன் செய்த படத்தையும், ‘கர்வ்ஸ்’ ஆக்கிய கோப்பையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கோரல் டிராவில் வேலை செய்பவர்கள், நம் தமிழ் எழுத்துரு அச்சகத்தில் இருக்காது என்ற பயத்தில், எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றி அனுப்புவார்கள். அதிலும் எழுத்தைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஆனால் அந்த உருவம் தனியாகத்தான் நிற்கிறது. சொடுக்கித் தூக்கி எறிந்தால் அடியில் படம் அப்படியே இருக்கும். கர்வ்ஸ் ஆக்கிய தலைப்பை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஃபிளாட்டன் ஆன தலைப்பை மாற்றுவது அட்டையில் ஒரு பகுதியையே மறுபடி உருவாக்கும் வேலை.

இனி தமிழ்ச் சொல். முதலில் ‘தட்டையாக்கிய படம்’ என்று எழுதினேன். அடித்துவிட்டேன். தட்டை என்பது நமக்கு வடிவத்தைக் குறிக்கும் சொல். மேடு அமுங்கியது தட்டை. படமோ முன்பும் தட்டையாகத்தான் தெரிந்தது, பின்பும் அப்படியே தெரிகிறது. என்ன நடந்தது என்று இந்தச் சொல் சொல்லவில்லை. ‘இணைத்த படம்’ என்றாலும் சரிவரவில்லை. இணைத்ததைப் பிரிக்கலாம் என்ற நம்பிக்கையை அது கொடுத்துவிடுகிறது. இரண்டு அடுக்குகளை மட்டும் சேர்த்து மற்றவற்றை விட்டுவைக்கும் ‘மெர்ஜ்’ வேலைக்கு வேண்டுமானால் ‘இணைத்தல்’ பொருந்தும்.

‘லேயர்’ என்பதற்குச் சிலர் ‘படலம்’ என்கிறார்கள். இலங்கையில் ‘ஓசோன் படை’ என்று வழங்குவதுபோல் ‘படை’ என்றும் சொல்லலாம். ஆனால் படலம் என்பது கண்ணில் படர்வதுபோல் தானாகப் படிவது. அடுக்கு ஒருவர் கையால் அடுக்கியது. அடுக்கியதை இறக்கவும் முடியும், மூன்றடுக்கு கேரியரை மதியம் பிரிப்பதுபோல. எனவே எனக்கு அடுக்குதான் சரி. அடுக்கு பல இருந்தால் ‘பல்லடுக்குப் படம்’. எல்லாம் ஒன்றாகிவிட்டால் ‘ஓரடுக்குப் படம்’. அந்தச் செயல் ‘ஓரடுக்காக்கல்’. மறைத்து வைத்த அடுக்குகள் இருந்தால், ஓரடுக்காக்கும்போது அவை நிரந்தரமாகப் போய்விடும் என்பதையும் இந்தச் சொல் ஒளிக்காமல் சொல்கிறது: மிச்சம் ஒன்றே ஒன்று.

கையில் இருப்பது எது என்று கோப்பின் பெயரை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. JPG என்றால் ஐயமே இல்லை, அது ஓரடுக்குதான். போட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வகையான PSD என்று முடிந்தால் பல்லடுக்காக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். JPGயைத் திறந்து PSD என்று சேமித்து அனுப்புகிறவர்கள் உண்டு. போட்டோஷாப்பில் அடுக்குகளைப் பட்டியலிடும் பலகையில் `Background` என்ற ஒரே வரி மட்டும் பூட்டுக் குறியோடு நின்றால், பெயர் எதுவானாலும் அது ஓரடுக்குப் படம்.

கடிதத்தின் முடிவில் மூன்று வழிகள் எழுதினேன். கீழ்வரியை மறைத்து முழு அகலத்துக்கு ஒரு நிறப்பட்டை போட்டு அதன்மேல் புதிய சொல்லை எழுதலாம். அன்றே முடியும், ஆனால் உப்புக்குவியலில் பாதி மறையும். அல்லது உப்பை வரைந்து நிரப்பலாம். மூன்று நாள் ஆகும், முடிவு எப்படி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. அல்லது மூலப் புகைப்படம் கிடைத்தால் அட்டையை முதலிலிருந்து அடுக்கலாம். “அந்தப் படத்தை எடுத்தது உங்கள் மருமகன் என்று சொல்லியிருந்தீர்கள். அவருடைய கேமராவில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல முடியுமா ஐயா? வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும். மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.”

நான்காம் நாள் படம் வந்தது. இரண்டு நாளில் அட்டையை மறுபடி அடுக்கினோம். ‘நிழல்’ என்ற சொல்லை அவரே தன் பேனாவால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பினார். ‘உப்பளத்து நிழல் – பல்லடுக்கு’, ‘உப்பளத்து நிழல் – ஓரடுக்கு’ என்று பெயரிட்ட இரண்டு கோப்புகள் இப்போது எங்கள் கணினியிலும் அவருடைய பென் டிரைவிலும் இருக்கின்றன. இரண்டாவதுதான் அச்சகத்துக்குப் போனது.