கொலஸ்ட்ரால் ஊசி யாருக்கு?

"டாக்டர், யூடியூப்ல பார்த்தேன், பதினஞ்சு நாளைக்கு ஒரு ஊசி போட்டா கொழுப்பெல்லாம் போயிடுமாம், எனக்கும் அதையே எழுதிக் குடுங்க." வேலூரில் என் கிளினிக்கில் இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு அது தேவையே இல்லை. உண்மையில் தேவைப்படுபவர்களோ கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் வந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, வயது 41. எட்டு மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. பீடி, சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை. ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரையான ரோசுவாஸ்டாடின் 40 மில்லிகிராம் போடச் சொல்லியிருந்தும் அவருடைய எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு ஊசிக்குப் போகிறார்கள். நான் முதலில் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்வேன். அவர் மனைவி பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார், உள்ளே பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். "இவரு பாதிதான் போடுறாரு சார், அதுவும் தினம் இல்ல. முழுசு போட்டா ஈரல் கெட்டுடும்னு கம்பெனில யாரோ சொன்னாங்களாம்."

சரி, ஊசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஈரல் பரிசோதனை செய்து ஒன்றும் கெடவில்லை என்று ரிப்போர்ட்டைக் காட்டினேன். தைராய்டு குறைந்தாலும் சிறுநீரில் புரதம் போனாலும் எல்டிஎல் ஏறும் என்பதால் அவற்றையும் பார்த்தோம், இரண்டும் சரியாகவே இருந்தன. முழு மாத்திரையை ஆறு வாரம் தவறாமல் போட்டபின் 112. எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையை 10 மில்லிகிராம் சேர்த்தபின் 91.

லேப் ரிப்போர்ட்டில் 100-க்குக் கீழே நார்மல் என்று அச்சடித்திருப்பதால் அவருக்குச் சந்தோஷம். ஆனால் அந்த எல்லை மாரடைப்பு வராதவருக்கு. ஒருமுறை வந்தவருக்கு 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டி, நம் இந்திய லிப்பிட் சங்கம் 50 என்று இன்னும் கீழே போகிறது.

அவர் படுக்கையில் படுத்திருக்கும்போது காலைப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் இரண்டு காலிலும் தடித்துக் கயிறு மாதிரி இருந்தது. "ஷூ போட்டா அங்க உரசுது சார், அதனால செருப்புதான்" என்றார், அதைக் கொழுப்போடு சேர்த்து அவர் நினைத்ததே இல்லை. அப்பா 46 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். பழைய ஃபைலைத் தேடினால், மாத்திரை தொடங்கும் முன் எல்டிஎல் 238. குடும்ப வழியாக வரும் கொலஸ்ட்ரால் நோய் இது. சாப்பாட்டால் வந்ததில்லை, எனவே பிரியாணியை நிறுத்தியதால் மட்டும் போகாது.

இனி அந்த ஊசி என்ன செய்கிறது என்று சொல்கிறேன். ஈரல் செல்லின் மேல் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. கிணற்று வாளி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை மொண்டு, செல்லுக்குள் கொட்டிவிட்டு, மறுபடி மேலே வந்து மொள்ளும். பிசிஎஸ்கே9 என்ற புரதம் வந்து வாளியைப் பற்றிக்கொண்டால் வாளி திரும்பி வராது, உள்ளேயே அழிக்கப்பட்டுவிடும். ஸ்டாடின் மாத்திரை வாளிகளைக் கூட்டும், ஆனால் கூடவே பிசிஎஸ்கே9-ஐயும் கூட்டிவிடும், அதனால்தான் மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினாலும் எல்டிஎல் கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் இறங்குகிறது. எவோலோகுமாப், அலிரோகுமாப் என்ற இந்த ஆன்டிபாடி ஊசிகள், பிசிஎஸ்கே9 வாளியைத் தொடுவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடுகின்றன. மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இருக்கிற எல்டிஎல் சுமார் 60 சதவீதம் இறங்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்து வாளியே இல்லாமல் பிறந்தவர்களுக்கு மட்டும் இது வேலை செய்யாது, பாதுகாக்க அங்கே ஒன்றும் இல்லை.

அவருக்குக் கணக்கு எளிது. 91-இல் இன்னொரு மாத்திரை ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் 70-க்கு மேல்தான் நிற்கும், ஊசி என்றால் 36 வாக்கில் வரும். மாரடைப்பு வந்தவர், பரம்பரை நோய் உள்ளவர், முழு அளவு மாத்திரையும் எசெட்டிமைபும் ஒழுங்காகப் போட்டபிறகும் 70-க்கு மேல் இருப்பவர். ஊசிக்கு உரியவர் இவர்தான். இன்னொரு கூட்டமும் உண்டு: இரண்டு வெவ்வேறு ஸ்டாடின்களை, ஒன்றை மிகக் குறைந்த அளவிலும் கொடுத்துப் பார்த்து, இரண்டிலும் தசைவலி வந்து உண்மையிலேயே போட முடியாதவர்கள். "ஒருநாள் கால் வலிச்சது சார்" என்பது அதில் சேராது. மாரடைப்போ பக்கவாதமோ வராமல், எல்டிஎல் 150 என்று ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து வருபவருக்கு இது வேண்டாம், அவருக்கு மாத்திரையும் நடையும் போதும்.

செலவை முதலிலேயே பேசிவிட வேண்டும், ஏனென்றால் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் போகும், நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே வந்துவிடும். பலன் எவ்வளவு என்பதையும் கூட்டிச் சொல்லக் கூடாது. எவோலோகுமாப் ஊசியைச் சோதித்து 2017-இல் வெளியான ஃபோரியர் ஆய்வில் 27,564 பேர் பங்கேற்றார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன, ஆனால் சுமார் இரண்டு வருடத்தில் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. அதைச் சொல்லித்தான் தொடங்கினேன்.

எவோலோகுமாப் 140 மில்லிகிராம், 2 வாரத்துக்கு ஒரு முறை, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரில் கூடவே கூடாது, உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். நம்ம ஊர் மே மாத வெயிலில் மருந்துக் கடையிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் நேரம்தான் எனக்குக் கவலை, ஐஸ் பையோடு டப்பாவில் வைக்க வேண்டும், ஆனால் ஐஸ் நேராக ஊசியில் படாமல் நடுவே துணி இருக்க வேண்டும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும்.

இரண்டாவது மாதம் 38 வந்தது. ஆறாவது மாதம் 97! ஊசி தவறவில்லை, ஃபிரிட்ஜும் சரி. 238-இல் 60 சதவீதம் போனால் எவ்வளவு? 95. அதாவது ஊசி வேலை செய்கிறது, மாத்திரைகள் வயிற்றுக்குள் போகவில்லை. கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்: "ஊசிதான் இருக்கேன்னு விட்டுட்டேன் சார்." திரும்பத் தொடங்கியபின் இரண்டு மாதத்தில் மறுபடி 39.

அப்புறம், அவர் மனைவியிடம் பிள்ளைகளையும் அவருடைய தங்கையையும் கூட்டிவரச் சொன்னேன். இது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்கு 94. பன்னிரண்டு வயது மகளுக்கு 187. அவளுக்கு இப்போது ஊசி வேண்டாம், சின்ன அளவில் ஸ்டாடின் தொடங்கியிருக்கிறோம். தங்கை வேலை இருக்கிறது என்று இன்னும் வரவில்லை. அவர் வரும்வரை நான் போன் செய்துகொண்டே இருப்பேன்.