பகுதி சபாவில் கவுன்சிலர் சொல்லும் கணக்கு: எப்படிக் கேட்பது, எப்படிச் சரிபார்ப்பது

தமிழ்நாட்டின் நகரங்களில் ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபா நடத்துகிறார்கள். 2022 நவம்பர் 1-இல், உள்ளாட்சி தினத்தன்று, மாநிலம் முழுக்க இந்தக் கூட்டங்கள் நடந்தன. வந்து உட்காருபவர்களில் படித்தவர்களும் உண்டு, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்களும் உண்டு. அதனால் கவுன்சிலர் வாயால் சொல்லும் கணக்குதான் பலருக்கு ஒரே கணக்கு.

அங்கே அடிக்கடி குழப்பம் தரும் சொல் "சாங்ஷன் ஆயிடுச்சு". கேட்பவருக்கு அது வேலை ஆரம்பித்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அதற்குப் பிறகும் பல படிகள் இருக்கின்றன. ஒரு மழைநீர் வடிகாலையே எடுத்துக்கொள்வோம். ரேஷன் கடையிலிருந்து கோயில் முனை வரை 120 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போடுவார். அதற்கு ஒப்புதல் கிடைப்பதுதான் சாங்ஷன். அதன் பிறகு டெண்டர் விடுவார்கள், அப்புறம் ஒப்பந்ததாரருக்கு வேலை உத்தரவு போகும். குழி தோண்டுவது அதற்குப் பிறகுதான். எனவே கவுன்சிலர் வடிகால் எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படி யார் கையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் நாம் கேட்க வேண்டும். கவுன்சிலர் தானே ஒப்புதல் தர முடியாது என்பதால், தாமதம் எல்லாம் அவர் தவறும் அல்ல. ஆனால் எங்கே நிற்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது அவர் வேலை.

"வேலை முடிந்தது" என்றாலும் விடக்கூடாது. செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதுவார். அந்த அளவை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்கு பில் போகும். நாமும் நடந்து பார்த்து அளக்கலாம். பெரியவர் ஒருவரின் சாதாரண எட்டு ஏறக்குறைய முக்கால் மீட்டர். அப்படியானால் 120 மீட்டர் வடிகால் ஓரமாக நடந்தால் 160 எட்டு வர வேண்டும். 110 எட்டிலேயே வடிகால் முடிந்துவிட்டால் அது 80 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். அங்கேயே கேளுங்கள்: "எம் புக்கில் எத்தனை மீட்டர் எழுதியிருக்கு?"

பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி எம் புக் நகலைக் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. எழுதத் தெரியாதவர் அலுவலகத்துக்குப் போய் வாயால் கேட்டாலும் போதும். பொதுத் தகவல் அலுவலர் அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.