ஆணுறை போட்டதும் விறைப்பு தளர்கிறதா? முதலில் அகலத்தைப் பாருங்கள்

“போடும்வரை நன்றாக இருக்கிறது டாக்டர், போட்ட ஒரு நிமிஷத்தில் தளர்ந்துவிடுகிறது.” ஆணுறை பற்றி ஆண்கள் சொல்லும் குறைகளில் அடிக்கடி வருவது இது. இதையடுத்து வருபவை இரண்டு: உணர்ச்சியே தெரியவில்லை, பாதியில் கழன்றுவிடுகிறது. மூன்றும் வெவ்வேறு பிரச்சினைகள்போலத் தோன்றும். ஆனால் பல நேரம் மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான், பொருந்தாத ஆணுறை.

ஆண்மைக் குறைவோ என்று பயப்படுவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? ஆணுறை இல்லாதபோது விறைப்பு கடைசிவரை நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், இரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் சரியாகவே வேலை செய்கின்றன. மாற்றிப் பார்க்க வேண்டியது ஆணுறையையும், அதை அணியும் முறையையும்தான்.

கடைக்குப் போனால் வாசனை கேட்பார்கள், புள்ளி வைத்ததா வரி வைத்ததா என்று கேட்பார்கள். அளவை யாரும் கேட்பதில்லை. ‘எக்ஸ்எல்’, ‘லார்ஜ்’ என்று அட்டையில் போட்டிருப்பதையும் நம்ப முடியாது. ஒரு நிறுவனம் கூடுதல் நீளத்துக்கு அந்தப் பெயரை வைக்கும், இன்னொன்று கூடுதல் அகலத்துக்கு வைக்கும். நம்ப வேண்டியது பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘நாமினல் விட்த்’ என்று மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான். ஆணுறையைத் தட்டையாகப் படுக்கவைத்து அளந்தால் வரும் அகலம் அது. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பவை 49 முதல் 53 மி.மீ. வரை இருக்கும். இணையத்தில் தேடினால் 45-இலிருந்து 69 வரைகூடக் கிடைக்கும்.

உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள நீளத்தை அளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஆணுறைகள் 18 செ.மீ. அளவு நீளமானவை, அது யாருக்கும் பெரிய குறையாக இருக்காது. அளக்க வேண்டியது சுற்றளவு. முழு விறைப்பில் இருக்கும்போது, தண்டின் நடுப்பகுதியைத் தையல்காரர் டேப்பாலோ ஒரு காகிதப் பட்டையாலோ சுற்றி, இறுக்காமல் அளவெடுங்கள். விறைப்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் வேறு வேறு நாளில் இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், விறைத்த நிலையில் சராசரிச் சுற்றளவு 11.66 செ.மீ. என்று வந்தது. இதைவிடக் கூடவோ குறையவோ இருப்பது முற்றிலும் இயல்பு.

இனி கணக்கு. சுற்றளவைப் பாதியாக்கினால் உங்கள் ‘தட்டை அகலம்’ கிடைக்கும். ஆணுறை அதைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தால்தான் விரிந்து பிடித்துக்கொள்ளும். நடைமுறையில் 5 முதல் 15 சதவீதம்வரை விரிவது வசதியாக இருக்கும். அதற்கு மேலே போனால் பலருக்கு இறுக்கமாகத் தெரியும். விரிவே இல்லையென்றால் நழுவும்.

ஒருவருக்குச் சுற்றளவு 12.4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதி 62 மி.மீ. அவர் 49 மி.மீ. ஆணுறை போட்டால் அது ஏறக்குறைய 26 சதவீதம் விரிய வேண்டும். உருட்டுவதற்கே சிரமப்படும், பாதியிலேயே நின்றுவிடும். அடியில் உள்ள வளையம் தோலில் சிவந்த கோடு போடும். கவனம் முழுக்க அந்த இறுக்கத்தின் மேலேயே இருக்கும், மூளையிலிருந்து கிளர்ச்சி குறையும், விறைப்பு இறங்கும். அவர் அதை “உணர்ச்சி இல்லை” என்று சொல்வார். அதே ஆள் 53-க்கு மாறினால் விரிவு 17 சதவீதம், 56-க்கு மாறினால் 11 சதவீதம். 56-ஐ வாங்கிப் பார்த்தால் வித்தியாசம் உருட்டும்போதே கையில் தெரியும்.

இதற்கு நேர்மாறானவரையும் பாருங்கள். சுற்றளவு 10.4 செ.மீ., பாதி 52 மி.மீ. கடையில் கிடைத்த 53-ஐப் போடுகிறார். அது விரியவே இல்லை. உறை தோலோடு சேர்ந்து அசையாமல் தனியாக முன்னும் பின்னும் நகரும், மொட்டுக்குப் பின்னால் சுருங்கி மடிந்து நிற்கும். உராய்வு உறைக்குள்ளேயே தீர்ந்துபோவதால் உணர்ச்சி மங்குகிறது. உணர்ச்சி மங்கியதும் விறைப்பு கொஞ்சம் குறைய, ஏற்கெனவே தளர்வான உறை கழன்றே விடும். இவருக்கு 49 சரியாக இருக்கும். வெட்கப்பட்டுப் பெரிய அளவையே வாங்குபவர்கள் நிறைய. பாதுகாப்பு போவது பெரும்பாலும் அங்கேதான்.

கழல்வது எப்போது நடக்கிறது என்று பார்த்தாலே காரணம் ஓரளவு பிடிபடும். நல்ல விறைப்பு இருக்கும்போதே நழுவினால் உறை அகலம் அதிகம். அடியிலிருந்து மெல்ல மேலே ஏறி வந்தால் ஒன்று இறுக்கம் அதிகம், இல்லாவிட்டால் வெளியே வறட்சி, அல்லது முழுதாக உருட்டவில்லை. விந்து வந்த பிறகு வெளியே எடுக்கும்போது உள்ளே தங்கிவிட்டால் அளவின் தவறல்ல, தாமதமாக எடுத்ததுதான் தவறு. விறைப்பு இருக்கும்போதே அடியை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் உணர்ச்சி மரத்துப்போகிறது என்றால் பெட்டியை மறுபடி திருப்பிப் பாருங்கள். ‘லாங் லாஸ்ட்’, ‘எக்ஸ்டெண்டட்’, ‘டிலே’ என்று எழுதியிருக்கிறதா? அவற்றில் பலவற்றின் உட்புறம் பென்சோகைன் என்னும் மரப்பு மருந்து தடவியிருக்கும். விந்து சீக்கிரம் வருகிறவர்களுக்காகச் செய்தது அது. விறைப்பு தளர்கிறது என்று வருபவர் அதையே போட்டுக்கொண்டிருந்தால், உணர்வை மரக்கடித்துவிட்டு உணர்ச்சி இல்லை என்று தவிப்பதாகிவிடும். அதை உட்புறம் வெளியே வருமாறு தவறாகப் போட்டால் மரத்துப்போவது துணைவிக்கு. மருந்துக்கடையில் வெறுமனே “ஜெல்லி கொடுங்க” என்று கேட்பதிலும் இதே ஆபத்து உண்டு. மருத்துவமனைகளில் பயன்படும் லிக்னோகைன் ஜெல்லியும் ஒரு மரப்பு மருந்துதான். உள்ளடக்கப் பட்டியலில் இந்தப் பெயர்கள் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

வழுவழுப்புக்கு வருவோம். பெட்டியிலிருந்து வரும் ஆணுறையில் அரை கிராம் அளவு சிலிக்கோன் எண்ணெய் தடவியிருக்கும். பலருக்கு அது போதாது. துணைவிக்கு எரிச்சல், வறட்சி, உறை கிழிவது எல்லாம் இந்தப் போதாமையால் வருபவை. தனியாக வாங்கும் ஜெல்லை இரண்டு இடங்களில் இரண்டு அளவில் போட வேண்டும். உள்ளே, உருட்டுவதற்கு முன் நுனியில் ஒரு மிளகு அளவு மட்டும். அது மொட்டின் மேல் பரவி, உறை ஒட்டிப்பிடிப்பதைத் தடுத்து உணர்வைக் கூட்டும். அதற்கு மேல் போட்டால் அடிவரை வழிந்து உறையையே கழற்றிவிடும். வெளியே, போட்டு முடித்த பிறகு அரை டீஸ்பூன் தாராளமாகத் தடவலாம், காய்ந்தால் மீண்டும் தடவலாம்.

நீர் சார்ந்த ஜெல் எல்லா ஆணுறைக்கும் பொருந்தும், ஆனால் சீக்கிரம் காயும். காய்ந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாலே மறுபடி வழுவழுக்கும். சிலிக்கோன் ஜெல் அதிக நேரம் நிற்கும், ஆணுறையைக் கெடுக்காது. எச்சில் எதற்கும் உதவாது, நிமிஷத்தில் காய்ந்துவிடும். தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் ஆகியவற்றை லேடெக்ஸ் ஆணுறையோடு சேர்க்கவே கூடாது. கனிம எண்ணெய் பட்ட ஒரே நிமிஷத்தில் லேடெக்ஸ் தன் வலிமையில் பெரும்பகுதியை இழப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது, கிழியும்போதுதான் தெரியும். பூஞ்சைத் தொற்றுக்குப் பெண்ணுறுப்பில் வைக்கும் சில கிரீம்களிலும் மாத்திரைகளிலும் எண்ணெய் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அந்தச் சிகிச்சை நடக்கும் நாட்களில் லேடெக்ஸை நம்பாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் பொருளைப் பற்றிய கேள்வி. சாதாரண லேடெக்ஸ் மலிவு, நன்றாக விரியும், நம்பகமானது. மெலிதான ரகங்களின் தடிமன் 0.05 மி.மீ. அளவில் இருக்கும். வெப்பம் கடத்துவதில் அது மந்தம், வாசனையும் சிலருக்குப் பிடிக்காது. பாலிஐசோப்ரீன் லேடெக்ஸைவிட மென்மையானது, இறுக்கம் குறைவாகத் தெரியும். லேடெக்ஸ் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் அதில் இல்லை. எண்ணெய் மட்டும் அதற்கும் ஆகாது. பாலியூரித்தேன் 0.02 மி.மீ. வரை மெலிதாக வரும், உடல் சூட்டை உடனே கடத்தும், எண்ணெயையும் தாங்கும். ஆனால் அதிகம் விரியாது. அதனால் அதை அகலமாகவே செய்கிறார்கள், லேடெக்ஸுக்குச் சொன்ன கணக்கு அதற்குச் செல்லாது. லேடெக்ஸைவிடக் கழல்வதும் கிழிவதும் அதில் சற்று அதிகம். எனவே அளவைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த மெல்லிய உறைக்குத் தாவுவது வீண்செலவு. 12.4 செ.மீ. சுற்றளவுள்ளவருக்கு 49-இன் மிக மெல்லிய ரகத்தைவிட, 56-இன் சாதாரண ரகம்தான் இதமாக இருக்கும்.

மீதி அணியும் விதத்தில் இருக்கிறது. பெட்டியைத் தேடி, ஆணுறைப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, இருட்டில் எந்தப் பக்கம் என்று தடவும் நேரத்தில் யாருக்கும் விறைப்பு இறங்கத்தான் செய்யும். கைக்கெட்டும் இடத்தில் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழு விறைப்பு வந்த பிறகு, முன்தோலைப் பின்னே தள்ளி, நுனிக் குமிழை விரலால் நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு உருட்டுங்கள். முக்கால்வாசி உருட்டியதும், உறையோடு சேர்த்துத் தோலை மொட்டை நோக்கிக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டு, மீதியை அடிவரை உருட்டிப் பாருங்கள். முன்தோல் உள்ளே அசைய இடம் கிடைக்கும், உணர்ச்சி நன்றாகத் தெரியும். முன்தோல் பின்னே வராதவர்கள் பலவந்தம் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தவறான பக்கத்தில் வைத்து உருளவில்லை என்றால் திருப்பிப் போடக் கூடாது, புதியதை எடுங்கள்.

இதை முதல் தடவையே துணைவியின் முன்னால் பழக வேண்டியதில்லை. இரண்டு மூன்று அகலங்களையும், இரண்டு வகைப் பொருளையும், ஒரு ஜெல்லையும் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் தனியாகச் சுயஇன்பத்தின்போது போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் கின்சி நிறுவன ஆய்வாளர்கள் ஆணுறையால் விறைப்பு தளர்பவர்களுக்கு வகுத்த பயிற்சியின் அடிப்படையும் இதுதான். அவசரமும் பதற்றமும் இல்லாதபோது எது இறுக்குகிறது, எது நழுவுகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

தனியாகப் பழகியும், சரியான அளவிலும், விறைப்பு நிற்கவில்லை என்றாலும், காலை விறைப்பும் குறைந்துவிட்டது என்றாலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் வாருங்கள். உறை கழன்றோ கிழிந்தோ போயிருந்தால், கர்ப்பம் தடுக்கும் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் எடுக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் அதே 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்விடுங்கள்.