4.328-இல் நின்றுவிட்ட விடை

கல்லூரியில் நுண்கணிதம் நடத்துகிறவர்களுக்குத் தவறான விடை புதிதல்ல. ஆனால் சென்ற பருவத்தில் ஒரு மாணவி கொண்டுவந்த தாள் என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்துவிட்டது. √x-இன் வரைபடத்துக்குக் கீழே x = 1 முதல் 4 வரை உள்ள பரப்பை, தொகையிடல் வாய்பாட்டைத் தொடாமல் கூட்டலின் எல்லையாகவே காண வேண்டும் என்பது கணக்கு. அவர் 100 துண்டுகளுக்கு 4.313 என்றும் 1000 துண்டுகளுக்கு 4.327 என்றும் கணக்கிட்டிருந்தார். துண்டுகள் கூடக் கூட விடை 4.328-ஐ ஒட்டி நின்றது. உண்மையான பரப்போ 14/3, அதாவது 4.667. அலைபாயும் பிழை என்றால் கண்ணில் பட்டுவிடும். இது அமைதியாக ஓரிடத்தில் போய் அமர்ந்துகொண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் முறை. பாடநூலில் பழகியபடி இடைவெளியைச் சம அகலத் துண்டுகளாக வெட்டினால், x²-க்கு 1² + 2² + … + n² என்ற கூட்டல் வரும். அதற்கு வாய்பாடு உண்டு. √x-க்கு √1 + √2 + … + √n வரும். அதைச் சுருக்கி எழுத எளிய வாய்பாடு கிடையாது. அங்கே வழி அடைபடுகிறது. துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பியேர் டி ஃபெர்மா 17-ஆம் நூற்றாண்டிலேயே இந்த அடைப்பைத் திறந்தார். வெட்டுப்புள்ளிகளைக் கூட்டுத் தொடராக வைக்காமல் பெருக்குத் தொடராக வைத்தார். அவர் 0-விலிருந்து தொடங்கும் இடைவெளியை முடிவிலாத் துண்டுகளாக வெட்டினார். நாம் 0-வைத் தவிர்த்து a-இலிருந்து b வரை வெட்டுவோம், கருத்து ஒன்றே.

n துண்டுகள் வேண்டுமென்றால் rⁿ = b/a ஆகும்படி r-ஐ எடுக்க வேண்டும். வெட்டுப்புள்ளிகள் a, ar, ar², …, arⁿ = b. k-ஆவது துண்டின் அகலம் arᵏ⁺¹ − arᵏ, அதாவது arᵏ(r − 1). வளைகோடு xᵖ என்றால் இடப்பக்க உயரம் (arᵏ)ᵖ. இரண்டையும் பெருக்கினால் aᵖ⁺¹(r − 1) என்ற மாறாத காரணியோடு rᵏ⁽ᵖ⁺¹⁾ மட்டும் நிற்கிறது. p முழு எண்ணோ பின்னமோ, செவ்வகங்களின் பரப்புகள் தாமே ஒரு பெருக்குத் தொடராகிவிடுகின்றன. பொது விகிதம் rᵖ⁺¹. பள்ளியில் படித்த கூட்டல் வாய்பாடு போதும்:

```
S = (b^(p+1) − a^(p+1)) · (r − 1) / (r^(p+1) − 1)
```

n வளர வளர r, 1-ஐ நெருங்கும். இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு வகையிடல் விதியை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். தவறில்லை, ஆனால் அடிப்படையிலிருந்து செய்கிறோம் என்று சொல்லிவிட்டு அதைச் செய்தால் கணக்கின் சுவையே போய்விடும். p = 1/2 என்றால் r = s² என்று வையுங்கள். அந்தப் பின்னம் (s² − 1)/(s³ − 1) ஆகும். மேலும் கீழும் (s − 1)-ஐ அடித்துவிட்டால் (s + 1)/(s² + s + 1). s = 1 என்று இட்டால் 2/3. முன்னால் நிற்பது 4^(3/2) − 1 = 7. ஆக 7 × 2/3 = 14/3. எந்தப் பின்ன அடுக்குக்கும் இதே தந்திரம் செல்லும், குறை அடுக்குகளுக்கும் கூட. −1-ஐ மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

இனி மாணவியின் தாள். நான்கே துண்டுகளுடன் பார்ப்போம். r = √2, புள்ளிகள் 1, 1.414, 2, 2.828, 4. துண்டுகளின் அகலம் முறையே 0.414, 0.586, 0.828, 1.172. முதல் துண்டைவிடக் கடைசித் துண்டு ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். சரியாகக் கூட்டினால் இடப்பக்கத் தொகை 4.253, வலப்பக்கத் தொகை 5.057, 14/3 இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. மாணவி உயரங்களைச் சரியாக எடுத்திருந்தார்: 1, 1.189, 1.414, 1.682. அகலத்துக்கு மட்டும் பழக்கதோஷத்தில் (b − a)/n, அதாவது 0.75 என்று எல்லாத் துண்டுக்கும் ஒன்றையே போட்டிருந்தார். விடை 3.964. புள்ளிகள் பெருக்குத் தொடரில், அகலங்கள் சம பங்கீட்டில். உயரம் குறைந்த இடது பக்கத்துக்கு உரியதைவிட அதிக அகலமும், உயரம் கூடிய வலது பக்கத்துக்குக் குறைந்த அகலமும் போய்ச் சேர்ந்ததால் பரப்பு குறைந்துவிட்டது.

வழக்கமான சோதனைகள் இந்தப் பிழையைப் பிடிப்பதில்லை என்பதுதான் எனக்குக் கவலை. அகலங்களைக் கூட்டிப் பாருங்கள்: சரியாக 3 வரும். இடத் தொகைக்கும் வலத் தொகைக்கும் நடுவே நெருக்கிப் பிடிக்கலாமா? 100 துண்டுகளில் மாணவியின் முறையே 4.313-க்கும் 4.343-க்கும் நடுவே விடையை நெருக்கிக் காட்டுகிறது. இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், தவறான இடத்தை நோக்கி. p = 0 போட்டாலும் 3 என்று சரியான விடையே வரும்.

பிடிக்கும் சோதனைகள் இரண்டு உண்டு. ஒன்று, p = 1 போட்டுப் பார்ப்பது. அது ஒரு சரிவகம்; பரப்பு 7.5 என்று கையாலேயே தெரியும். மாணவியின் முறை 6.49-ஐ நோக்கிப் போகிறது, அகப்பட்டுவிடுகிறது. மற்றொன்று இந்தக் கணக்குக்கே உரியது. (1, 1), (4, 2) இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். √x-இன் வளைகோடு அந்தக் கோட்டுக்கு மேலேதான் செல்கிறது. கோட்டுக்குக் கீழுள்ள சரிவகம் 3 × 1.5 = 4.5. உண்மைப் பரப்பு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க முடியும். 4.328 அந்தக் கணமே விழுந்துவிடுகிறது. படத்தை வரையாமல் எண்களை மட்டும் நம்பினால் இது தெரியாது.

இன்னொரு தவறும் அடிக்கடி வரும்: r-ஐ 1.1 என்று நிலையாக வைத்துக்கொண்டு n-ஐ வளர்ப்பது. அப்படிச் செய்தால் புள்ளிகள் b-யைத் தாண்டி ஓடிவிடும். r, n-ஐச் சார்ந்தது. மிக அகலமான கடைசித் துண்டு b(1 − 1/r) சுழியை நோக்கிப் போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

p = −1-ஐ ஏன் விட்டுவைத்தோம்? அங்கே உயரம் 1/(arᵏ), அகலம் arᵏ(r − 1). பெருக்கினால் எல்லாச் செவ்வகமும் r − 1 என்ற ஒரே பரப்பு. தொகை n(r − 1). புள்ளிகள் பெருக்கலில் நகரப் பரப்பு கூட்டலில் நகர்கிறது. அது மடக்கையின் குணம். அதிபரவளையத்தின் இந்த இயல்பை கிரெகுவார் டி செயின்ட்-வின்சென்ட் 1647-இல் வெளியிட்டார். அது மடக்கை என்பதை 1649-இல் சரசா சுட்டினார். 1 முதல் 2 வரை 1000 துண்டுகள் எடுத்தால் 1000(2^(1/1000) − 1) = 0.69339; எல்லை ln 2 = 0.69315.

அன்று மாலை மாணவியின் கூட்டலை நான் சுருக்கிப் பார்த்தேன். உயரங்கள் 2^(k/n) என்ற பெருக்குத் தொடர்; கூட்டினால் 1/(2^(1/n) − 1). அதை 3/n ஆல் பெருக்க வேண்டும்:

```
3 / ( n (2^(1/n) − 1) )
```

கீழே நிற்பது 1/x-க்கு 1 முதல் 2 வரை மேலே கண்ட அதே n(r − 1). எல்லை 3/ln 2 = 4.328. √x-இன் பரப்பைத் தேடிப் போனவர் 1/x-இன் பரப்பை வகுத்தியாக வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். மறுநாள் இதைப் பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் தன் தாளை எடுத்து, 0.75-களை அடித்துவிட்டு, 0.414-இலிருந்து மறுபடி தொடங்கினார்.