ஆறு வீதக் கணக்கு

முல்லைத்தீவுப் பக்கத்து ஐயா ஒருவர் மருந்து எடுக்கும் யன்னலில் கிளினிக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, கொழுப்புக் குளிசையைப் பத்திலயிருந்து இருபதாக்கினவை. ரெண்டு மடங்கு. ஆனா கொழுப்பு நூற்றொண்டிலயிருந்து தொண்ணூற்றொண்டுக்குத்தான் வந்திருக்கு. குளிசை பழசோ?"

குளிசை பழசில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரூல் ஒஃப் சிக்ஸ்' என்று சொல்லும் விதியைத்தான் ஐயாவின் கொப்பி காட்டியது. அதற்குத் தமிழில் ஒரு பெயர் இருந்திருந்தால் அவருக்கு அரை நிமிடத்தில் விளக்கியிருக்கலாம்.

விதி சொல்வது இதுதான். கொழுப்பைக் குறைக்கும் ஸ்ரற்றின் குளிசையின் அளவை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும், கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். மேலதிகமாக ஆறு வீதமளவே குறையும். 1997இல் அமெரிக்க இதய நோயியலாளர் வில்லியம் றொபேட்ஸ் இதை ஐந்தின் விதி, ஏழின் விதி என்று இரண்டாக எழுதினார். மொத்தக் கொலஸ்ரோலுக்கு ஐந்து, எல்.டி.எல்லுக்கு ஏழு. நாளடைவில் எல்.டி.எல். பற்றிய பேச்சில் 'ஆறு' என்பதே நிலைத்துவிட்டது.

'ஸ்ரற்றின்' என்ற பெயரில் நிறுத்துதல் என்ற பொருள்தரும் கிரேக்க வேர் இருக்கிறது. ஈரல் கொலஸ்ரோல் செய்வதை இந்த மருந்து தடுப்பதால் பொருத்தமான பெயர்தான். ஜப்பானியர் அகிரா எண்டோ 1973இல் கண்டுபிடித்த இவ்வகையின் முதல் பொருள், கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் படர்ந்த பூஞ்சணத்திலிருந்து வந்தது. அரிசியில் பூஞ்சணம் பிடித்தால் கோழிக்குப் போடும் ஊர் நம்முடையது. ஸ்ரற்றின் என்ற பெயரைத் தமிழாக்க நான் போகமாட்டேன். குளிசைப் பட்டையில் உள்ள பெயரும் வாயில் உள்ள பெயரும் ஒன்றாக இருப்பதுதான் ஆபத்தில்லாதது.

சிக்கல் 'ரூல் ஒஃப் சிக்ஸ்' என்பதில்தான். நேரே 'ஆறின் விதி' என்று எழுதினால் பேராற்றைப் பற்றியோ தலைவிதியைப் பற்றியோ பேசுவதுபோல் இருக்கும். ஐயாவிடம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். "என்ர விதி அப்பவே எழுதினதுதானே" என்று சிரித்தார். அதோடு, 2020இல் கொரோனாக் காலத்தில் இங்கிலாந்தில் ஆறு பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கும் இதே ஆங்கிலப் பெயர்தான் வைத்தார்கள். லண்டனில் உள்ள மகனிடம் கேட்டால் அவர் வேறு விளக்கம் சொல்லுவார்.

அதனால் நான் 'ஆறு வீதக் கணக்கு' என்கிறேன். வீதம் என்ற சொல் இங்கே எல்லார் வாயிலும் உண்டு. கணக்கு என்றால் உத்தேசமாகப் போட்டுப் பார்ப்பது என்றும் விளங்கும். இது இயற்கையின் கண்டிப்பான சட்டம் இல்லை, பலரின் சராசரி. ஒருவருக்கு நான்கு, இன்னொருவருக்கு ஏழு என்று வரும்.

சரி, எதன் ஆறு வீதம்? இங்கேதான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். மருந்து தொடங்குவதற்கு முன் இருந்த எல்.டி.எல்லின் ஆறு வீதம். இப்போது உள்ள எண்ணின் ஆறு வீதம் இல்லை.

ஐயாவின் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினேன். மருந்துக்கு முன் எல்.டி.எல். 160. அவர் போடும் ஸ்ரற்றினான அட்டோவாஸ்ரற்றின் 10 மில்லிகிராம் பொதுவாக 37 வீதம் இறக்கும். அவருக்கும் 101க்கு வந்திருக்கிறது. 160இன் ஆறு வீதம் ஏறக்குறைய 10. ஆகவே 20 மில்லிகிராமில் 91 வரவேண்டும், வந்திருக்கிறது. 40 ஆக்கினால் 82, 80 ஆக்கினால் 72. முதல் பத்து மில்லிகிராம் 59ஐ இறக்கியது. அதன் மேல் எழுபதைக் கூட்டினாலும் இறங்குவது 29தான். அட்டோவாஸ்ரற்றினில் கடைசிப் படி பெரும்பாலும் ஆறுக்கும் குறைவாகவே இருக்கும், அதனால் 72கூடக் கொஞ்சம் தாராளமான கணக்கு.

6, 12, 18 என்று ஆறாம் வாய்பாட்டில் ஒரு வரி போக, குளிசை இரட்டிப்பாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் மடக்கை படித்தவர்களுக்கு இது பழகிய வளைவு.

வயல்காரருக்கு யூரியாவைச் சொன்னால் போதும். முதல் போட்ட பசளைக்குப் பயிர் கறுத்து எழும்பும். அதே வயலுக்கு இரண்டு மடங்கு போட்டால் நெல் இரண்டு மடங்கு விளையாது. ஆனால் உடம்பு பயிரைவிட ஒரு படி மேலே போய் எதிர்த்தும் நிற்கிறது. ஈரலுக்குள் கொலஸ்ரோல் குறைந்ததும், இரத்தத்தில் உள்ள எல்.டி.எல்லைப் பிடித்திழுக்கும் வாங்கிகளை அது கூடுதலாகச் செய்கிறது. எல்.டி.எல். இறங்குவது இதனால்தான். அதே சமிக்ஞை, மருந்து தடுத்த, கொலஸ்ரோல் செய்யும் நொதியையும், வாங்கிகளை அழிக்கும் ஒரு புரதத்தையும் சேர்த்தே கூட்டிவிடுகிறது. மருந்தைக் கூட்டக் கூட்ட ஈரலும் தன் பங்குக்கு இழுக்கிறது.

பலன் ஆறு ஆறாக நகர்ந்தாலும், தசை நோவு போன்ற தொல்லைகளின் வாய்ப்பு அளவோடு கூடவே ஏறும். இன்னொரு ஸ்ரற்றினான சிம்வாஸ்ரற்றின் 80 மில்லிகிராமைப் புதிதாக யாருக்கும் தொடங்கவேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011இல் சொன்னது தசைச் சேதத்தால்தான்.

இந்தக் கணக்கு தெரிந்தால் கொப்பி வேறு கதைகளும் சொல்லும். 10ஐ 20 ஆக்கியதும் 150இல் இருந்து 91க்கு ஒரேயடியாக விழுந்திருந்தால், அது இரட்டிப்பின் வேலை இல்லை. அந்த ஆள் முன்னைய குளிசையை ஒழுங்காகப் போடவே இல்லையோ என்று நான் மெதுவாகக் கேட்பேன். அநேகமாகத் தலையைச் சொறிவார்கள். மாறாக, இரட்டிப்பாக்கியும் எண் அசையவில்லை என்றால் உடனே குற்றம் பிடிக்கவும் முடியாது. ஒரே ஆளின் எல்.டி.எல். மருந்து மாறாமலே பரிசோதனைக்குப் பரிசோதனை ஐந்து பத்து ஏறி இறங்கும். ஒரு படியின் பலன் அந்த ஆட்டத்துக்குள் ஒளிந்துவிடும்.

ஐயாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தது. அவருக்கு டொக்டர் வைத்த இலக்கு 70க்குக் கீழே. ஸ்ரற்றினை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் 80 மில்லிகிராமிலும் 72இல் நிற்போம். டொக்டர் அதை 40 ஆக்கி, எசெற்றிமைப் 10 மில்லிகிராமையும் சேர்த்தார். அது குடலில் கொலஸ்ரோல் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது, வேறு வழி. அப்போது இருக்கும் எல்.டி.எல்லில் ஐந்தில் ஒரு பங்கை இறக்கும். 82இல் ஐந்தில் ஒன்று 16, மீதி 66.

அடுத்த கிளினிக்கில் 68 என்று வந்தது. ஐயா கொப்பியைக் காட்டிவிட்டு யன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"இந்தப் புதுக் குளிசையை ரெண்டாப் போட்டா?"

"இல்லை ஐயா, அதுக்குப் பத்துத்தான் அளவு. இரட்டிப்பும் இல்லை, ஆறு வீதக் கணக்கும் இல்லை."